தவணை முறையில் சொன்ன உண்மை

கேள்வி: "2 வருடமாக ஒரு கிரெடிட் கார்டையும் ஒரு கடனையும் மனைவியிடம் மறைத்து வைத்திருந்தேன். பேங்க் மெசேஜ் வந்தால் உடனே அழித்துவிடுவேன். 4 மாதத்துக்கு முன் அவளே கண்டுபிடித்துவிட்டாள். அன்றே ஒப்புக்கொண்டேன், நூறு தடவை மன்னிப்பும் கேட்டுவிட்டேன். நண்பன் ஒருவனிடம் வாங்கிய சின்னக் கைமாற்றை மட்டும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அடைந்துவிடும், எதற்கு இன்னொரு சண்டை என்று விட்டுவிட்டேன். ஆனால் அவள் தினமும் அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். போனைக் கேட்கிறாள். நான் என்ன செய்தால் பழையபடி நம்புவாள்?"

பதில்:

முதலில் அந்தக் கைமாற்று. அதை இன்றே சொல்லிவிடுங்கள். கேள்வியில் அது ஓரமாக வந்துபோகிறது, ஆனால் உங்கள் வீட்டில் இப்போது இருப்பதிலேயே பெரிய ஆபத்து அதுதான். தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் நான் பார்த்தவரை, முதல் பொய் வெளிப்பட்டதால் பிரிந்தவர்களைவிட, "எல்லாம் சொல்லிவிட்டேன்" என்ற பிறகு இன்னொன்று வெளிப்பட்டதால் பிரிந்தவர்களே அதிகம்.

உங்கள் கணக்கில் அது சின்னத் தொகை, அடுத்த மாதம் இல்லாமலே போய்விடும். அவர் கணக்கு வேறு. 4 மாதமாக அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நீங்கள் பதில் சொன்னபோது இதுவும் உங்கள் மனதில் இருந்திருக்கிறது. நாளைக்கு அந்த நண்பர் வாய்தவறிச் சொன்னாலோ, பழைய மெசேஜ் ஒன்று கண்ணில் பட்டாலோ, அந்தத் தொகையோடு விஷயம் நிற்காது. இந்த 4 மாதத்தில் நீங்கள் சொன்ன உண்மைகள்கூடப் பொய்க்கணக்கில் சேர்ந்துவிடும். அழுதது, மன்னிப்புக் கேட்டது எல்லாமே நடிப்பாகத் தெரியும். அவர் மறுபடி முதல் நாளில் போய் நிற்பார், இந்தத் தடவை தன் மேலேயே கோபத்தோடு: "ரெண்டாவது தடவையும் நம்பினேனே."

பாதி ஒப்புக்கொள்வது சொல்பவருக்கும் நல்லதல்ல. எயால் பீர் என்பவரும் அவருடன் பணிபுரிந்த ஆய்வாளர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஏமாற்ற வாய்ப்புள்ள ஒரு விளையாட்டில் ஏமாற்றியவர்களிடம் பிறகு ஒப்புக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தார்கள். சிலர் முழுதாக ஒப்புக்கொண்டார்கள், சிலர் வாயே திறக்கவில்லை, சிலர் "கொஞ்சம்தான் ஏமாற்றினேன்" என்றார்கள். மற்ற இரு வகையினரையும்விட மனது மோசமாக இருந்தது அந்தக் "கொஞ்சம்" ஆட்களுக்குத்தான். குற்றத்தை ஏற்ற வலியும் உண்டு, இறக்கி வைத்த நிம்மதியும் இல்லை. உங்கள் எரிச்சலில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறதா என்று பாருங்கள்.

அவர் ஏன் அதே கேள்விகளைக் கேட்கிறார் என்று சொல்கிறேன். தண்டிக்கத்தான் என்று உங்களுக்குத் தோன்றும். கோபமும் கொஞ்சம் இருக்கும், இல்லாமல் இருக்காது. ஆனால் பெரும்பாலும் அவர் செய்வது கடந்த 2 வருடத்தைத் திரும்ப எழுதும் வேலை. "போன வருஷம் ஊருக்குப் போனோமே, அப்பவும் கடன் இருந்ததா? அன்னிக்கு என்கிட்ட சிக்கனமா இருன்னு சொன்னீங்களே, அப்ப கார்டுல எவ்வளவு இருந்தது?" அவர் ஞாபகத்தில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அடியில் அவருக்குத் தெரியாத இன்னொரு நாள் ஓடியிருக்கிறது. அதை எடுத்துப் பார்க்காமல் எது நிஜமாக நடந்தது என்று அவரால் முடிவுக்கு வர முடியாது. அதோடு, கேட்டதையே திரும்பக் கேட்பதில் ஒரு சோதனையும் இருக்கிறது: பதில் மாறுகிறதா இல்லையா. நீங்கள் அலுத்துப்போய்ச் சுருக்கிச் சொன்னால் போன வாரச் சேதி இந்த வாரம் விட்டுப்போகும். அவர் அதைக் கவனிப்பார்.

நீங்கள் மறைத்த பணத்தைவிட மறைத்த விதம்தான் ஆறுவதற்கு அதிகக் காலம் எடுக்கும். மாரிஸ் ஷ்வைட்சரும் உடன் ஆய்வு செய்த இருவரும் 2006-ல் வெளியிட்ட சோதனையில் ஆட்கள் பல சுற்றுகளாகப் பணத்தை வைத்து விளையாடினார்கள். கூட இருப்பவர் நம்பிக்கையைக் கெடுக்கும்படி நடந்துகொண்டு, பிறகு தொடர்ந்து ஒழுங்காக நடந்தால் நம்பிக்கை திரும்ப வந்தது. அதே நடத்தையோடு ஏமாற்றுப் பேச்சும் சேர்ந்திருந்தால், மன்னிப்பும் வாக்குறுதியும் தொடர்ந்த நல்ல நடத்தையும் இருந்தும் நம்பிக்கை பழைய அளவுக்கு வரவில்லை. முன்பின் தெரியாதவர்கள், சில சுற்றுகள். கல்யாண வாழ்க்கையை அப்படியே அதற்குள் அடைக்க முடியாது. ஆனாலும் "பழையபடி" என்ற உங்கள் எதிர்பார்ப்பை அது கொஞ்சம் தட்டிப் பார்க்கிறது. பழைய நம்பிக்கை என்பது அவர் எதையுமே பார்க்காமல் இருந்தது. அது திரும்ப வராது, வரவும் வேண்டாம். உங்களால் உண்டாக்க முடிந்தது வேறு மாதிரி: கெட்ட செய்தியாக இருந்தாலும் அவர் கண்டுபிடிப்பதற்கு முன் உங்கள் வாயிலிருந்தே வந்துவிடும் என்ற நம்பிக்கை. கீழே சொல்வதெல்லாம் அதை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான்.

உதாரணத்துக்கு ஒரு தம்பதியைச் சொல்கிறேன், ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றி. இங்கே மறைத்தவர் மனைவி. தம்பியின் தொழிலுக்காக 3 வருடமாக 2 கார்டுகளிலும் ஒரு தனிநபர் கடனிலும் பணம் எடுத்துக் கொடுத்திருந்தார். சம்பளம் உயர்ந்ததையும் கணவரிடம் சொல்லவில்லை. உயர்ந்த தொகை அப்படியே தவணைக்குப் போனது. தவணை தவறிய ஒரு மாதம் வங்கியிலிருந்து கணவருக்கு போன் வந்தது. அன்று ஒரு கார்டை மட்டும் ஒப்புக்கொண்டார். 3 வாரம் கழித்துக் கணவர் துருவியதில் இரண்டாவது கார்டு வெளியே வந்தது. 2 மாதம் கழித்துக் கடன். மூன்றாவது தடவை கணவர் படுக்கையை வேறு அறைக்கு மாற்றிக்கொண்டார். என்னிடம் அவர் சொன்னது: "பணம் போனதுகூடப் பரவாயில்லைங்க. ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசின்னு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. இப்ப அவ என்ன சொன்னாலும் இன்னும் எவ்வளவு பாக்கி இருக்குன்னுதான் கேட்கத் தோணுது."

அந்த மனைவி கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்யவில்லை. ஒரேயடியாகச் சொன்னால் தாங்கமாட்டார், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லலாம் என்று நினைத்தார். பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மெதுவாகச் சொன்னால் வலி குறையும் என்ற அந்த நினைப்புதான் தவறு. கேட்பவருக்கு ஒவ்வொரு தவணையும் முழு அடியாகத்தான் விழுகிறது.

ஆகவே, எல்லாவற்றையும் ஒரே தடவையில், எழுத்தில் வைக்க வேண்டும். ஞாபகத்தை நம்பி உட்காராதீர்கள். 2 வருடம் ஒரு விஷயத்தை மறைத்தவருக்கே அது பாதி மறந்திருக்கும், அந்த மறதி பிறகு இன்னொரு பொய்யாகத் தெரியும். உங்கள் பெயரில் உள்ள எல்லாக் கணக்குகளுக்கும் கார்டுகளுக்கும் மறைக்க ஆரம்பித்த மாதத்திலிருந்து ஸ்டேட்மென்ட் எடுங்கள். கிரெடிட் ரிப்போர்ட் ஒன்றும் எடுங்கள். முறையான நிறுவனங்களில் உங்கள் பெயரில் உள்ள கடன்களும் கார்டுகளும் பெரும்பாலும் அதில் ஒரே இடத்தில் வந்துவிடும், நீங்களாகச் சொல்லும் பட்டியலைவிட அதற்கு மதிப்பு அதிகம். அதில் வராதவையும் உண்டு: கைமாற்று, அடகு, அலுவலகத்தில் வாங்கிய முன்பணம், போன் ஆப்களில் செய்த சின்னச் சின்னச் செலவு. இவற்றை நீங்களே தேடி எழுத வேண்டும். இதற்கு ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தையும் ரகசியமாக்காதீர்கள். "நான் சொன்னதில் விட்டுப்போனது இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்து சனிக்கிழமை உன் முன்னால் வைக்கிறேன்" என்று இன்றே சொல்லுங்கள். கைமாற்றை மட்டும் சனிக்கிழமை வரை வைத்திருக்க வேண்டாம், இதே பேச்சில் சொல்லிவிடுங்கள்.

தாளில் என்ன இருக்க வேண்டும்? தொகையும் வட்டியும் எல்லோரும் எழுதிவிடுவார்கள். விட்டுப்போவது இரண்டு விஷயம்: அதை மறைக்க என்ன பொய் சொன்னேன், வேறு யாருக்கெல்லாம் இது தெரியும். அந்த மனைவி எழுதிய தாளில் ஒரு பத்தி ஏறத்தாழ இப்படி இருந்தது:

"தனிநபர் கடன். 3 வருடம் முன்பு வாங்கியது. தம்பியின் கடைக்கு. இன்னும் 14 தவணை இருக்கிறது. சொன்ன பொய்: இந்த வருடமும் சம்பளம் ஏறவில்லை என்றது, வங்கி மெசேஜ் வந்ததும் அழித்தது, நீங்கள் கேட்டபோது அது விளம்பர மெசேஜ் என்றது. தெரிந்தவர்கள்: தம்பி, அக்கா."

கணவர் முழுத் தாளையும் சத்தமில்லாமல் படித்தார். தொகைகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கடைசி வரியில் விரலை வைத்து, "அக்காவுக்கும் தெரியுமா?" என்றார். ஒவ்வொரு விசேஷத்திலும் அந்த அக்கா எதிரில் உட்கார்ந்து அவரோடு சிரித்துப் பேசியிருக்கிறார். எல்லோருக்கும் தெரிந்து தனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது என்ற அவமானம் கடனைவிட ஆழமாக இறங்கியது. இது பிறகு வேறு வழியில் தெரியவந்திருந்தால் நான்காவது தவணையாகியிருக்கும். தாளில் இருந்ததால் அன்று வலித்ததோடு போயிற்று.

உங்கள் விஷயத்திலும் அந்த நண்பர் இருக்கிறார். கைமாற்று கொடுத்தார் என்பதோடு, உங்கள் மனைவிக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியுமா? இதைப் பற்றி இருவரும் மெசேஜில் பேசியிருக்கிறீர்களா? "அவகிட்ட சொல்லிடாதே" என்று ஒரு வரி இருக்கிறதா? இருந்தால் அதையும் சொல்லுங்கள். அழித்துவிட்டிருந்தால், அழித்தேன் என்று சொல்லுங்கள். இப்போது உட்கார்ந்து எதையும் அழிக்காதீர்கள், "அவளைக் காயப்படுத்தும்" என்ற நல்லெண்ணத்தில்கூட.

சொல்லும் நேரம் முக்கியம். இரவு படுக்கப் போகும்போது வேண்டாம், வேலைக்குக் கிளம்பும் நேரத்திலும் வேண்டாம், பிள்ளைகள் காதுபடவும் வேண்டாம். இரண்டு மணி நேரம் யாரும் எதற்கும் கூப்பிடாத ஒரு பகல் பொழுது. தாளைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம். ஏன் செய்தேன் என்ற விளக்கம் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அவர் கேட்கும் வரை அது அங்கேயே இருக்கட்டும். முதல் நாளில் காரணம் சொன்னால் அது காரணமாகக் காதில் விழாது, சாக்காக விழும். "நீ கோபப்படுவாய் என்று பயந்துதான்" என்பது உண்மையாகவே இருந்தாலும் அன்றைக்கு அதன் பொருள் "உன்னால்தான்" என்பதே. அதேபோல் "நான் ஒரு கேவலமான மனுஷன்" என்று தலையில் அடித்துக்கொள்வதும் வேண்டாம். அப்புறம் அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும்.

மன்னிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராய் லெவிக்கியும் உடன் பணியாற்றியவர்களும் 2016-ல் மன்னிப்பின் 6 கூறுகளைத் தனித்தனியாக எடுத்து எது எடுபடுகிறது என்று பார்த்தார்கள். "தவறு என்னுடையது" என்று பொறுப்பேற்பது முதலிடத்தில் வந்தது, அடுத்தது சரிசெய்ய என்ன செய்யப்போகிறேன் என்பது. "என்னை மன்னித்துவிடு" என்று கேட்பதுதான் கடைசி. நீங்கள் நூறு தடவை செய்தது பெரும்பாலும் அந்தக் கடைசி வகையாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். மன்னிக்கச் சொல்வது அவரிடம் ஒன்றைக் கேட்பது. இப்போது கொடுக்க வேண்டியவர் நீங்கள்.

பேச்சு நடுவில் சூடேறும். ஜான் காட்மன் பல ஆண்டுகள் தம்பதிகளின் சண்டைகளை நாடித்துடிப்போடு சேர்த்துப் பதிவுசெய்து பார்த்தவர். துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டியபின் பேசுவது ஏறாது, கேட்பதும் ஏறாது, தணிய குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்பது அவருடைய வழிமுறை. எழுந்து போகலாம், ஆனால் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் எழுந்து போனால் தப்பித்துப் போகிறீர்கள் என்றுதான் தெரியும், திரும்பி வந்து நீங்களே பேச்சைத் தொடங்காவிட்டால் அது நிஜமாகவே தப்பித்ததுதான்.

இனி அந்தத் தினசரிக் கேள்விகள். தாளைக் கொடுத்ததும் அவை நின்றுவிடாது. சில வாரம் கூடலாம்கூட. கேட்கக் கூடாது என்று தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் ராத்திரி 11 மணிக்கு, தட்டு கழுவும்போது, வண்டியில் போகும்போது என்று நேரங்காலம் இல்லாமல் வந்தால் இருவருமே தேய்ந்துபோவீர்கள். அந்தத் தம்பதி வாரத்தில் 3 மாலை, அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டார்கள். நடுவில் தோன்றும் கேள்விகளைக் கணவர் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். மணி அடித்ததும் நிறுத்துவார்கள், பாக்கி அடுத்த மாலைக்கு. இந்த ஏற்பாட்டை நீங்கள் கட்டளையாகப் போடக் கூடாது, அவருக்கு ஒத்துவருமா என்று கேட்கலாம். அந்த அரை மணி நேரத்தை ஒரு தடவைகூட நீங்கள் தட்டிக்கழிக்கக் கூடாது. நீங்களே நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால், நூறு மன்னிப்பு செய்யாததை அது செய்யும்.

பதில் தெரியாவிட்டால் ஊகித்துச் சொல்லாதீர்கள். "நினைவில்லை, ஸ்டேட்மென்ட் பார்த்து நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லி, மறுநாள் அவர் கேட்கும் முன் சொல்லுங்கள். பதற்றத்தில் வாய்க்கு வந்த மாதத்தைச் சொல்லி அது தப்பாகிப்போவது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது தெரியுமா? உங்களுக்கு அது மறதி, அவருக்கு அது புதுப்பொய்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். கொடுங்கள். ஆனால் எதைத் திறப்பது, எவ்வளவு காலத்துக்கு என்று பேசிக்கொண்டு கொடுங்கள். மறைத்தது பணம் என்றால் திறக்க வேண்டியது பணம்: எல்லாக் கணக்குகளையும் பார்க்கும் வசதி, வங்கி மெசேஜ் இருவர் போனுக்கும் வருவது, இவ்வளவுக்கு மேல் என்றால் செலவுக்கு முன்பே சொல்வது. அந்த வரம்பை நீங்கள் இருவரும் பேசி எண்ணில் எழுதிக்கொள்ளுங்கள். "பெரிய செலவு" என்று பொதுவாக விட்டால் முதல் சண்டை அங்கேயே வரும். அதோடு இருவருக்கும் மாதம் ஒரு சிறு தொகை கணக்குக் கேட்காமல் செலவழிக்க இருக்கட்டும். அது இல்லாவிட்டால் சின்னச் செலவுக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், மறைக்கும் பழக்கம் அந்தச் சின்னச் செலவில்தான் மறுபடி தலை தூக்கும். மறைத்ததில் மெசேஜும் சேர்ந்திருந்தால், அந்த நண்பரோடு உள்ள உரையாடலையும் காட்டுங்கள். உங்களை நம்பித் தன் குடும்ப விஷயத்தைப் புலம்பிய வேறொருவருடைய மெசேஜ் அவர் சொத்து. அதை மட்டும் விலக்கி வைக்கலாம், விலக்குவதாகச் சொல்லிவிட்டு.

மனைவியும் இதைப் படிக்க நேர்ந்தால் ஒன்று. தினமும் போனைச் சோதிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பார்த்து ஒன்றுமில்லை என்றதும் ஒரு மணி நேரம் நிம்மதி, அப்புறம் சந்தேகம் திரும்ப வரும், இன்னும் கொஞ்சம் ஆழமாகப் பார்க்கத் தோன்றும். வாரத்துக்கு ஒரு முறை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து 20 நிமிடம் கணக்கைப் பார்ப்பது தனியாகத் தினமும் தோண்டுவதைவிட அதிகம் காட்டிக்கொடுக்கும். திருட்டுத்தனமாக அவர் போனில் கண்காணிக்கும் ஆப் போடாதீர்கள். ஒரு மறைப்புக்கு இன்னொரு மறைப்பு மருந்தாகாது, பல இடங்களில் அது சட்டப்படியும் குற்றம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இந்த ஏற்பாட்டை எடுத்துப் பார்த்து, எதைத் தளர்த்தலாம் என்று பேசுங்கள். முடிவே இல்லாத காவல் என்றால் ஒருவர் கைதி, ஒருவர் காவலாளி என்றே ஆகிவிடும்.

சரி, இதெல்லாம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? அந்தத் தம்பதிக்கு 5 மாதம் ஆனபோது தம்பி மறுபடி கொஞ்சம் பணம் கேட்டார். மனைவியால் மறுக்க முடியவில்லை, தன் சொந்தச் செலவுத் தொகையிலிருந்து கொடுத்துவிட்டார். வரம்புக்குள் இருந்த தொகைதான், ஆனால் தம்பிக்கு இனிமேல் கேட்காமல் கொடுப்பதில்லை என்று பேசியிருந்தார்கள். அன்று இரவே கணவரிடம் போய், "இன்னிக்கு ஒண்ணு பண்ணிட்டேன், நீங்க கோபப்படுவீங்க" என்று தொடங்கிச் சொல்லிவிட்டார். கணவர் கோபப்பட்டார், சாப்பிடாமல் போய்ப் படுத்தார். மறுநாள் மாலை அவர் சொன்னது: "இத்தனை வருஷத்துல நான் கேட்காம நீயா வந்து சொன்னது இதுதான்." தவறு நடந்த அந்த நாளிலிருந்துதான் அவர்களுக்கிடையே நிலைமை மாறியது என்று இருவருமே பிறகு சொன்னார்கள். தவறே நடக்காத 5 மாதத்தில் கணவருக்கு எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. இன்னும் அகப்படவில்லையா, நிஜமாகவே இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? வேண்டுமென்று தவறு செய்யச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வருடத்தில் ஏதாவது ஒன்று நடக்கத்தான் செய்யும். நடந்தால் 24 மணி நேரத்துக்குள் சொல்வது என்று இப்போதே முடிவுசெய்து வையுங்கள். அந்த நேரத்தில் முடிவெடுக்கப் போனால் பழைய கை பழைய வேலையைத்தான் செய்யும்.

இன்னொரு அடையாளம், கேள்விகள் மாறுவது. முதலில் "எவ்வளவு, எப்போது, யாருக்கு" என்று வரும். பல வாரம் கழித்து ஒரு நாள் "எதுக்கு என்கிட்ட சொல்ல முடியலைன்னு தோணிச்சு?" என்று வரும். உங்கள் காரணத்தைச் சொல்லும் நேரம் அதுதான். மறைக்க ஆரம்பித்த முதல் வாரத்தில் என்ன நினைத்தீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். சிறுவயதில் வீட்டில் பணம் பேசினாலே சண்டை என்று இருந்ததா, சம்பாதிக்கத் தெரியாதவன் என்று பெயர் வரும் என்ற பயமா, அவர் சொன்ன ஏதோ ஒரு சொல்லா. அவர் பக்கம் ஏதாவது மாற வேண்டியிருந்தால் அதையும் அப்போது பேசலாம். அதற்கு முன் பேசினால் எடுபடாது.

இதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்ற கேள்வியும் உங்கள் மனதில் இருக்கும். 4 மாதம் பாதி வழிகூட இல்லை. ஓர் ஆண்டைத் தாண்டுவது சாதாரணம். உங்கள் கணக்கு, கைமாற்றைச் சொல்லும் நாளிலிருந்துதான் தொடங்கும், கண்டுபிடித்த நாளிலிருந்து அல்ல. அதுவும் நேராக ஏறிக்கொண்டே போகாது. கடன் தெரியவந்த அதே தேதி அடுத்த வருடம் வரும்போது, அல்லது வங்கியிலிருந்து வெறும் விளம்பர மெசேஜ் வரும்போது, முகம் மாறும். "இன்னுமா?" என்று கேட்டுவிடாதீர்கள்.

இந்த வழி செல்லாத இடங்களும் உண்டு. அந்தப் பணம் சூதாட்டத்துக்குப் போயிருந்தால், அல்லது வாங்குவதை நிறுத்தவே முடியாமல் வாங்கிக் குவித்திருந்தால், வெளிப்படையாக இருப்பது மட்டும் போதாது. அதற்கென்று உள்ள சிகிச்சைக்குப் போக வேண்டும், அது வரை பணத்தைக் கையாள்வது மற்றவர் பொறுப்பில் இருப்பதே பாதுகாப்பு. கேள்வி கேட்டாலே "சந்தேகப் பிராணி, உன்னால்தான் எனக்கு நிம்மதி இல்லை" என்று மறைத்தவரே பாதிக்கப்பட்டவர் வேடம் போட்டால், தாள் எழுதி என்ன பயன்? மறுப்பது, தாக்குவது, பழியைத் திருப்புவது என்ற இந்த வரிசையை ஜெனிஃபர் ஃப்ரெய்ட் என்ற உளவியலாளர் 1997-லேயே எழுதிவிட்டார். அது தொடரும் வீட்டில் நம்பிக்கையைக் கட்ட இடமே இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: மறைத்ததே அடிக்குப் பயந்து, அல்லது ஒரு காசு செலவழிக்கவும் அனுமதி கேட்க வேண்டிய நிலையில் என்றால், முழுக் கணக்கையும் முன்னால் வைக்கச் சொல்லும் அறிவுரை அங்கே ஆபத்தானது. அங்கே முதலில் பாதுகாப்பு, பிறகுதான் மற்றது.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் உங்கள் மனைவி "என்னால் முடியவில்லை" என்று சொல்லலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. அந்தத் தாளை வைத்து அவரிடம் பேரம் பேசாதீர்கள்.

இன்று மாலை செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். முதலில் நண்பருக்கு போன் செய்து, "வீட்டில் சொல்லப்போகிறேன், இனி இதை மறைக்க வேண்டாம்" என்று சொல்லுங்கள். அவரிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை, தகவல் மட்டும். பிறகு மனைவியிடம், அவர் எதுவும் கேட்கும் முன்பே: தொகை, வாங்கிய நாள், எதற்கு, இன்னும் எவ்வளவு பாக்கி. 4 மாதமாக ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டால், பதில் உங்களிடமே இருக்கிறது: இன்னொரு சண்டை வேண்டாம் என்று நினைத்தீர்கள். அதை அப்படியே சொல்லுங்கள், அழகுபடுத்தாமல். பிறகு, ஸ்டேட்மென்ட்கள் எந்த நாளுக்குள் வரும் என்று தேதி சொல்லுங்கள்.